விழுந்துகொண்டே மேலேறும் கழுகு

வெயில் ஏறிய பிறகு அண்ணாந்து பார்த்தால், வெகு உயரத்தில் ஒரு பெரிய பறவை வட்டம் போட்டுக்கொண்டிருக்கும். இறக்கைகள் பலகை போல விரிந்திருக்கும். பத்து நிமிடம் கண்ணை எடுக்காமல் பார்த்தாலும் ஒரு தடவைகூட இறக்கையை அடிக்காது. ஆனால் முதலில் பார்த்ததைவிட இப்போது சிறிதாகத் தெரியும். அந்தப் பத்து நிமிடத்தில் அது நம்மைவிட்டு மேலே போயிருக்கிறது.

இதில் முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்தப் பத்து நிமிடமும் அந்தப் பறவை கீழே விழுந்துகொண்டுதான் இருந்தது.

இறக்கையை அடிக்காமல் சீராக மிதக்கும் எந்தப் பறவையும் தன்னைச் சுற்றியுள்ள காற்றுக்குள் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். மிதிக்காமல் சைக்கிள் ஓட வேண்டுமென்றால் பாதை சரிவாக இருக்க வேண்டும். அதே போல, இறக்கையின் மேல் காற்று ஓடிக்கொண்டே இருக்கவேண்டுமானால் பறவை தன் உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்தாக வேண்டும். பெரிய கழுகுகள் இந்தச் செலவை மிகவும் குறைத்துவைத்திருக்கின்றன. கோலின் பென்னிகுயிக் என்ற பறவையியலாளர் 1970 வாக்கில் மோட்டார் பொருத்திய கிளைடர் விமானம் ஒன்றில் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டி சமவெளிக்கு மேலே கழுகுகளோடு சேர்ந்தே பறந்து இதை அளந்தார். அங்குள்ள வெண்முதுகுக் கழுகு விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் மிதக்கும்போது விநாடிக்கு முக்கால் மீட்டர்தான் இறங்குகிறது. இன்னும் சற்று வேகமாகப் போனால், ஒரு மீட்டர் உயரத்தைக் கொடுத்து 15 மீட்டர் தூரத்தை வாங்கிவிடுகிறது.

முக்கால் மீட்டர் சின்ன அளவுதான். ஆனாலும் 300 மீட்டர் உயரத்திலிருந்து ஏழு நிமிடத்துக்குள் தரையைத் தொட்டுவிட அதுவே போதும். தொடவில்லை, அதற்குப் பதில் மேலே போகிறது என்றால், பறவை இறங்குவதைவிட வேகமாக அதைச் சுற்றியுள்ள காற்று ஏறிக்கொண்டிருக்கிறது என்றுதான் அர்த்தம். மேலே போகும் எஸ்கலேட்டரில் ஒருவர் மெதுவாகப் படியிறங்கினால் என்ன ஆகும்? கால்கள் இறங்கும், ஆள் மேலே போய்ச் சேருவார்.

பெயர் பற்றி ஒரு வார்த்தை. பிணம் தின்னும் பாறுகளையும் வேட்டையாடும் பெரிய பறவைகளையும் நாம் கழுகு என்ற ஒரே சொல்லால்தான் அழைக்கிறோம். வகை வேறாக இருந்தாலும், இங்கே பேசப்போகும் விஷயம் இரண்டுக்கும் பொதுதான். பருந்துக்கும் பொருந்தும். அங்கே ஒரு சுவையான வித்தியாசம் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

சரி, காற்று ஏன் ஏறுகிறது? வெயில் நேரடியாகக் காற்றைச் சூடாக்குவது மிகக் குறைவு. சூரிய ஒளி பெரும்பாலும் காற்றை ஊடுருவி வந்து தரையைச் சூடாக்குகிறது; தரையை ஒட்டிய காற்று அந்தத் தரையிடமிருந்து சூட்டை வாங்கிக்கொள்கிறது. எல்லாத் தரையும் ஒரே மாதிரி சூடாவதில்லை. உழுது காய்ந்த மண், பாறை, தார்ச்சாலை, கூரைகள் நிறைந்த ஊர் எல்லாம் சீக்கிரம் சூடாகும். ஏரி, சதுப்பு, நீர் பாய்ந்த வயல் எல்லாம் மெதுவாகத்தான் சூடாகும். அங்கே வெப்பத்தின் பெரும்பகுதி நீரை ஆவியாக்கவும், ஆழமான நீர் என்றால் அடிவரை பரவவுமே போய்விடும். ஆக, சூடான தரைக்கு மேலே சற்று வெதுவெதுப்பான காற்று ஒரு மெல்லிய படலமாகத் தேங்குகிறது. சூடான காற்று விரிவதால் அதே அளவு குளிர்ந்த காற்றைவிட எடை குறைவு. ஒரு மேட்டு முனையோ, மரவரிசையோ, சின்னக் காற்று வீச்சோ தட்டிவிட்டால் அந்தப் படலம் தரையிலிருந்து பிய்ந்து மேலே கிளம்புகிறது. சுற்றிலும் தேங்கியிருக்கும் வெதுவெதுப்பும் அதன் பின்னாலேயே இழுபட்டுப் போகிறது. கிளைடர் ஓட்டுகிறவர்கள் இதைத் தெர்மல் என்பார்கள். நாம் ஏறுகாற்று என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த ஏறுகாற்று எவ்வளவு தூரம் போகும் என்பதில்தான் கழுகின் முழு நாளும் அடங்கியிருக்கிறது. மேலே போகப் போக அழுத்தம் குறைவதால் காற்று விரிகிறது, விரிவதால் குளிர்கிறது. மேகமாகாத காற்று ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் ஏறக்குறைய ஒரு டிகிரி செல்சியஸ் குளிரும். அது தொடர்ந்து ஏறவேண்டுமானால், இப்படிக் குளிர்ந்த பிறகும் பக்கத்துக் காற்றைவிடச் சூடாக இருக்கவேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நண்பகலில் தரையருகே பொதுவான வெப்பநிலை 30 டிகிரி. காய்ந்த நிலத்தின் மேல் தேங்கிய காற்று மட்டும் 32 டிகிரி. அன்றைக்குச் சுற்றுக்காற்றின் வெப்பநிலை 100 மீட்டருக்கு 0.8 டிகிரி வீதம் குறைந்துகொண்டே போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏறும் காற்றோ 100 மீட்டருக்கு ஒரு டிகிரி இழக்கிறது. அப்படியானால் இரண்டு டிகிரி முன்னிலை ஒவ்வொரு 100 மீட்டருக்கும் 0.2 டிகிரி கரைகிறது. 500 மீட்டரில் ஒரு டிகிரி மிச்சம், 1000 மீட்டரில் ஒன்றுமில்லை. அந்த உயரத்தோடு இந்த ஏறுகாற்றின் உந்துதல் தீர்ந்துவிடும். (உண்மையில் ஏறும்போது பக்கத்துக் காற்றும் வந்து கலப்பதால் இன்னும் சீக்கிரமாகவே தீரும்.) ஒன்று அல்லது இரண்டு டிகிரிதான் வித்தியாசம், நம் தோலுக்கு அது உறைக்கவே உறைக்காது. அந்தச் சொற்ப சூடுதான் ஐந்தாறு கிலோ எடையுள்ள பறவையை ஒரு கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்கிச் செல்கிறது.

இதே கணக்கை அதிகாலைக்குப் போட்டால் கதை மாறிவிடும். இரவு முழுவதும் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து குளிர்ந்திருக்கும். அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்திருக்கும். தெளிந்த, காற்றில்லாத இரவுக்குப் பிறகு தரையில் 22 டிகிரி இருக்கும்போது 100 மீட்டர் உயரத்தில் 24 டிகிரி இருப்பதுண்டு. இப்போது ஒரு பாறை வெயிலில் காய்ந்து தன் மேலுள்ள காற்றை 24 டிகிரிக்குக் கொண்டுவந்தாலும், அந்தக் காற்று 100 மீட்டர் ஏறுவதற்குள் 23 டிகிரியாகக் குறைந்து, சுற்றியுள்ள 24 டிகிரிக் காற்றைவிடக் கனத்துவிடும். அந்த உயரத்தை எட்டும் முன்பே அதன் உந்துதல் நின்றுவிடும். குளிர்ந்த அந்த மூடி உடைய வேண்டும். அதற்குச் சூரியன் மணிக்கணக்கில் உழைக்க வேண்டும். கழுகுகள் விடிந்த பிறகும் வெகுநேரம் பாறையிலும் மரக்கிளையிலும் அசையாமல் உட்கார்ந்திருப்பதைச் சோம்பல் என்று நினைப்பவர்கள் உண்டு. அவை ஏறுவதற்குக் காற்றே இன்னும் உருவாகியிருக்காது.

ஏன் அப்படிக் காத்துக்கிடக்க வேண்டும், இறக்கையை அடித்துப் போகக் கூடாதா? சின்னப் பறவைக்கு அது கட்டுப்படியாகும். பறவையின் உடல் பெரிதாகப் பெரிதாக, ஒவ்வொரு கிலோ எடைக்கும் பறப்பதற்குத் தேவைப்படும் திறன் கூடுகிறது. ஆனால் பெரிய இறக்கையை வேகமாக அடிக்க முடியாததால் தசையிலிருந்து கிடைக்கும் திறன் அதற்கு ஈடாகக் கூடுவதில்லை. கழுகால் இறக்கை அடித்துப் பறக்க முடியும், ஆனால் கொஞ்ச நேரம்தான். பழக்கப்பட்ட கிரிஃபான் கழுகுகளின் இதயத்துடிப்பை அளந்த ஆய்வொன்று 2014ல் வெளியானது. தரையிலிருந்து கிளம்பும்போது துடிப்பு மூன்று மடங்காக எகிறியது. ஏறுகாற்றில் வட்டமிட ஆரம்பித்துப் பத்து நிமிடம் போல் ஆனதும், சும்மா உட்கார்ந்திருக்கும் நிலைக்கு ஏறக்குறைய திரும்பிவிட்டது. அதாவது 500 மீட்டர் உயரத்தில் இருப்பதும் பாறையில் உட்கார்ந்திருப்பதும் அந்த உடலுக்கு ஏறக்குறைய ஒன்றுதான்.

பறக்கும் பறவைகளில் மிகக் கனமானவற்றில் ஒன்றான ஆண்டிஸ் மலைக் காண்டோர் இதை எல்லைக்கே கொண்டுபோகிறது. எட்டுக் காண்டோர்களின் உடலில் கருவி பொருத்தி ஒவ்வொரு இறக்கை அடியையும் பதிவு செய்த ஆய்வு 2020ல் வெளிவந்தது. பறந்த நேரத்தில் ஒரு சதவீதம்தான் அவை இறக்கை அடித்திருந்தன. அதிலும் முக்கால்வாசி தரையிலிருந்து கிளம்பும்போது. ஒரு பறவை ஐந்து மணி நேரத்துக்கு மேல், 172 கிலோமீட்டர் தூரம், ஒரு அடிகூட அடிக்காமல் பறந்திருந்தது.

இனி வட்டத்துக்கு வருவோம். ஏறுகாற்று நாலாபுறமும் பரந்து கிடப்பதில்லை. அது ஒரு தூண் போலவோ, ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பும் குமிழிகள் போலவோ ஏறுகிறது. தரைக்கு அருகில் மிகவும் ஒடுங்கியிருக்கும். மேலே போகப் போக அகலும். நடுவில்தான் வேகம் அதிகம். ஓரத்தை நெருங்க நெருங்கக் குறையும். ஓரத்தைத் தாண்டினால் காற்று கீழ்நோக்கி இறங்கிக்கொண்டிருக்கும், ஏறிய காற்றின் இடத்தை ஏதாவது நிரப்பியாக வேண்டுமே. விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் நேராகப் பறக்கும் பறவை 100 மீட்டர் அகலமுள்ள தூணைப் பத்து விநாடியில் கடந்து மறுபுறம் வந்துவிடும். அந்தரத்தில் நிற்கவும் முடியாது, நின்றால் இறக்கை மேல் காற்று ஓடாது. நகர்ந்துகொண்டே ஓரிடத்தில் இருக்க ஒரே வழி, வட்டம்.

ஆனால் வட்டத்துக்கும் ஒரு விலை உண்டு. திரும்புவதற்குப் பறவை ஒரு பக்கமாகச் சாய்கிறது. சாய்ந்த இறக்கையின் தூக்குவிசையில் ஒரு பகுதி வட்டத்தின் மையத்தை நோக்கி இழுப்பதற்குப் போய்விடுகிறது; மிச்சம் உடலின் எடையைத் தாங்க வேண்டும். அதற்காக வேகத்தைச் சற்றுக் கூட்ட வேண்டியிருக்கிறது, இறக்கமும் கூடுகிறது. செரங்கெட்டிக் கழுகின் எண்களையே வைத்துக் கணக்கிட்டால், 30 டிகிரி சாய்ந்து சுற்றும்போது வட்டத்தின் ஆரம் ஏறத்தாழ 20 மீட்டர். ஒரு சுற்றுக்கு 12 விநாடி. இறக்கம் முக்கால் மீட்டரிலிருந்து ஒரு மீட்டருக்குப் பக்கத்தில் வந்துவிடும். 45 டிகிரி சாய்ந்தால் ஆரம் 14 மீட்டராகச் சுருங்கும், இறக்கமோ 1.3 மீட்டராக ஏறிவிடும்.

எது லாபம் என்பது தூணைப் பொறுத்தது. தாழ்வில், தூண் ஒடுங்கியிருக்கும்போது, அதிகமாகச் சாய்ந்து நடுவை ஒட்டிச் சுற்றினால்தான் ஏற முடியும். உயரத்தில் தூண் அகன்ற பிறகு அப்படிச் சாய்வது வெறும் நஷ்டம். ஒரு கழுகு கிளம்பியதிலிருந்து கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தால், ஆரம்பத்தில் அது இறுக்கமாகச் சாய்ந்து சுற்றுவதும் பிறகு வட்டம் சாவகாசமாக விரிவதும் தெரியும். எனக்கு மிகவும் பிடித்த காட்சி அதுதான். கண்ணுக்குத் தெரியாத ஒரு தூணின் வடிவத்தை அந்தப் பறவை வரைந்து காட்டிக்கொண்டிருக்கும்.

பருந்து பற்றிச் சொன்னேன் அல்லவா, அது இங்கேதான் வருகிறது. ஒரே அளவு சாய்வில் சுற்றும்போது வட்டத்தின் ஆரம், இறக்கைப் பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டரும் எத்தனை கிலோ தாங்குகிறது என்பதோடு சேர்ந்து கூடுகிறது. வெண்முதுகுக் கழுகுக்கு அது ஏழெட்டு கிலோ. பருந்துக்கு அதில் பாதிகூட இல்லை. ஆகவே பருந்தால் பாதிக்கும் குறைவான ஆரத்தில் சுற்ற முடியும். கூடவே, இறங்கும் வேகமும் குறைவு. காலையில் முதலில் உருவாகும் ஒடுங்கிய, பலவீனமான ஏறுகாற்று பருந்துக்குப் போதும், கழுகுக்குப் போதாது. 1900களின் தொடக்கத்தில் ஆக்ராவில் பணியாற்றிய ஹான்கின் என்ற ஆங்கிலேய நுண்ணுயிரியலாளர் தினமும் கடிகாரமும் கையுமாக இதைக் குறித்துவைத்தார். பருந்துகள் முதலில் வட்டமிட ஆரம்பிக்கும், கனமான கழுகுகள் அப்புறம்தான் கிளம்பும். வானம் எப்போது எந்தப் பறவைக்குத் திறக்கிறது என்பதற்கு அவர் ஒரு கால அட்டவணையே வைத்திருந்தார்.

கண்ணுக்குத் தெரியாத தூணின் நடுவைப் பறவை எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஒரு பகுதி கண்ணால்தான். வேறொரு கழுகு எங்காவது வட்டமிட்டு ஏறினால் அதுவே அடையாளம். பஞ்சுப்பொதி போன்ற மேகம் புதிதாகத் திரள்வதும் அடையாளம்தான்: ஏறும் காற்று குளிர்ந்து, அதிலுள்ள நீராவி துளியாகும் உயரத்தை எட்டிவிட்டது என்று பொருள். மேகத்தின் தட்டையான அடிப்பாகம் அந்த உயரத்தைக் காட்டுகிறது. மீதி, உடலால். தூணின் ஓரத்தில் நுழையும்போது நடுப்பக்கத்து இறக்கை கூடுதலாகத் தூக்கப்படும், மறுபக்க இறக்கை தொங்கும். சும்மா விட்டால் அந்தத் தூக்கலே பறவையைத் தூணிலிருந்து வெளியே தள்ளிவிடும். அந்தத் தூக்கலை எதிர்த்து, தூக்கப்பட்ட பக்கம் நோக்கியே சாய்ந்தால்தான் நடுவுக்குப் போகலாம். 2018ல் வெளியான ஓர் ஆய்வில், தானாகப் பறக்கும் சிறிய கிளைடர் ஒன்று முயன்று முயன்று ஏறுகாற்றில் ஏறக் கற்றுக்கொண்டது. அதற்கு உதவிய குறிப்புகள் இரண்டுதான்: மேலே தூக்கும் காற்றின் வேகம் கூடுகிறதா குறைகிறதா என்பது, இரண்டு இறக்கைகளுக்கும் இடையிலான தூக்கல் வித்தியாசம்.

வட்டமிடும் கழுகைக் கண்டதும் கீழே ஏதோ செத்துக் கிடக்கிறது என்ற முடிவுக்கு வருவது பழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் அது தவறு. வட்டங்கள் மெல்ல மேலே போய், காற்று வீசும் திசையில் நகர்ந்துகொண்டும் இருந்தால், அது ஏற்றம்; அவ்வளவுதான். இரை தெரிந்துவிட்ட கழுகு இறக்கைகளைப் பாதி மடக்கி, கால்களைத் தொங்கவிட்டு, உயரத்தை வீணடித்துக்கொண்டு இறங்கும். மற்ற கழுகுகள் நேர்கோட்டில் அதே இடத்தை நோக்கி விரையும். இந்த இரண்டையும் ஒருமுறை பார்த்தவர்கள் மறுமுறை குழப்பிக்கொள்ள மாட்டார்கள்.

ஏறிய உயரம் தூரமாக மாறுவதுதான் அடுத்த கட்டம். நம் கழுகு விநாடிக்கு 3 மீட்டர் ஏறும் காற்றில் சுற்றுகிறது. தன் இறக்கம் ஒரு மீட்டர் போக நிகர ஏற்றம் 2 மீட்டர். 1000 மீட்டர் ஏற 500 விநாடி, அதாவது எட்டு நிமிடத்துக்குச் சற்று மேல், நாற்பது சுற்றுக்கு மேல். பிறகு வட்டத்தை விட்டுவிட்டு நேராகப் போகிறது. மீட்டருக்கு 15 மீட்டர் என்ற கணக்கில் அந்த உயரம் 15 கிலோமீட்டராகிறது. விநாடிக்கு 13 மீட்டர் வேகத்தில் அதற்கு 19 நிமிடம். ஏற்றத்தையும் சேர்த்துச் சராசரி மணிக்கு 33 கிலோமீட்டர் போல வரும். இறக்கையைச் சற்று மடக்கி விநாடிக்கு 18 மீட்டர் வேகத்தில் போனால் இறக்கமும் கூடும், 12 கிலோமீட்டர்தான் கிடைக்கும். ஆனால் 11 நிமிடத்தில் முடிந்துவிடுவதால் சராசரி 37ஐத் தொடும். ஏறுகாற்று பலமாக இருக்கும் நாளில் உயரத்தைத் தாராளமாகச் செலவழிப்பதே சரி, அடுத்த தூணில் சீக்கிரம் சம்பாதித்துவிடலாம். பலவீனமான நாளில் அப்படி ஓடினால், அடுத்த தூண் கிடைப்பதற்குள் தரை வந்துவிடும். பிறகு இறக்கை அடித்துத் தப்பிக்க வேண்டும், அல்லது ஏதாவது மரத்தில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும்.

மேகம் மூடிய நாளிலும் மழையிலும் தூண்கள் அநேகமாக உருவாகாது. வெயில் சாயும்போது ஒவ்வொன்றாக ஓயும். இவையாவது மறுநாள் சரியாகிவிடும். கடல் அப்படியில்லை. பகலில் கடல்நீர் தரையைப் போலச் சூடாவதில்லை, ஆகவே அதன் மேல் கழுகுக்கு உதவும் அளவுக்கு ஏறுகாற்று கிடைப்பது அபூர்வம். ஐரோப்பாவிலிருந்து ஆப்பிரிக்கா போகும் கிரிஃபான் கழுகுகள் அதனால்தான் ஜிப்ரால்டர் நீரிணையின் மிகக் குறுகலான இடத்துக்கு வந்து கூடுகின்றன. அங்கே அகலம் 14 கிலோமீட்டர். மேலே பார்த்த கணக்கின்படி காற்று அசையாத நாளில் 1000 மீட்டர் உயரத்தோடு கிளம்பினால் மயிரிழையில் கரை சேரலாம். எதிர்க்காற்றோ பக்கக்காற்றோ இருந்தால் அந்தக் கணக்குப் பொய்த்துவிடும். கூட்டம் ஸ்பெயின் கரையில் வட்டமிட்டு ஏறுகிறது, கடலுக்கு மேல் கொஞ்ச தூரம் போகிறது, உயரம் கரைவதை உணர்ந்து திரும்பி வருகிறது. மறுபடி ஏறுகிறது, மறுபடி திரும்புகிறது. பல நாள் இப்படியே காத்திருப்பதும் உண்டு. பாதி வழியில் உயரம் தீர்ந்துபோன கழுகு, நாளெல்லாம் அடிக்காத இறக்கைகளைத் தண்ணீருக்குச் சற்று மேலே கனமாக அடித்துக்கொண்டு கரையைத் தேடுகிறது. சில கழுகுகள் கரை சேர்வதில்லை.